பதினான்கு பேர் ஊற்றிய பால்: கால்மானம் எடுக்க மூன்று வழிகளில் எது?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் டியூஷன் எடுப்பவர்களுக்கு ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. ஒரே பெஞ்சில் கேரளாவின் பிளஸ் ஒன் பிள்ளையும், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையும் உட்கார்ந்திருப்பார்கள். கணக்கு ஒன்றுதான். ஆனால் ஒருத்தி கையால் போட்டிருப்பாள், இன்னொருவன் அண்ணனின் லேப்டாப்பில் போட்டிருப்பான். விடை இரண்டாக வரும், இரண்டு பேரும் அடித்துச் சொல்வார்கள்.

இந்த முறை சண்டைக்கு வந்தது ஒரு பால் சங்கத்தின் காலைக் கணக்கு. மெஷின் சீட்டு அடித்தாலும் நோட்டிலும் ஒரு வரி எழுதிவைக்கிற பழக்கம் அங்கே இன்னும் போகவில்லை. அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்துக் கொண்டுவந்தாள் ஒரு மாணவி. அவளுடைய அப்பாதான் அங்கே கணக்கு எழுதுகிறவர். பள்ளிக்கூட வேலைக்கு அவளுக்கு ஒரு பெட்டி வரைபடம் வேண்டும். ஏறுவரிசையில் அடுக்கிய பட்டியலை நான்காகப் பிரிக்கிற அளவுகள்தான் கால்மானங்கள்; முதலாவதும் மூன்றாவதும் அந்தப் பெட்டியின் இரு விளிம்புகள். அப்பாவுக்கு வேண்டியது வேறு: "அந்தப் பதிமூணரை லிட்டர் ஊத்துனவரு மத்தவங்களோட சேர்த்தியா, இல்ல தனியா நிக்கறாரா? அதை மட்டும் கேட்டுட்டு வா சாமி."

பக்கத்தில் வரிசை எண்ணும் லிட்டரும் இப்படி இருந்தன: 7.0, 4.5, 9.5, 6.0, அதன் கீழே மேற்படிக் குறி, 13.5, 5.5, 8.0, 3.5, 10.5, 6.5, 4.0, 8.5, 7.5. அடியில் கோடு போட்டு 100.5.

கால்மானத்துக்குப் போகும் முன் இந்தப் படத்திலேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். வழி எதுவானாலும், எண்ணிக்கை ஒன்று பிசகினால் எல்லாமே பிசகும். இங்கே பிசகக்கூடிய இடம் ஐந்தாவது வரி. மேற்படிக் குறியை எண்ணாகத் தட்டச்சு செய்ய மறந்தால் 14 பேர் 13 பேர் ஆகிவிடுவார்கள். போனில் படத்திலிருந்து எழுத்தை உருவி எடுக்கிற வசதியும் இதே இடத்தில் சறுக்கும். அந்தக் குறியை விட்டுவிடும், அல்லது 11 என்று படிக்கும். வரிசை எண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவதும் உண்டு. புள்ளி விழுந்துபோய் 13.5 என்பது 135 ஆனால் கண்ணில் பட்டுவிடும். 7.0 என்பது 1.0 ஆனால் படாது.

ஆகவே பதினான்கு வரியைக் கையால் தட்டுவதே மேல். தட்டியதும் அடியில் உள்ள கூட்டலோடு சரிபார்க்க வேண்டும். மேற்படிக் குறியை விட்டிருந்தால் கூட்டல் 94.5 வரும். 100.5-க்கு 6.0 குறைகிறது என்றால் எந்த வரி காணோம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. நோட்டில் கூட்டல் இல்லையென்றால் கடைசி வரிசை எண்ணோடாவது எண்ணிக்கையை ஒப்பிடலாம். இன்னொரு தவறு, அந்தக் கூட்டலையே பதினைந்தாவது ஆளாக எண்ணிவிடுவது. 100.5 லிட்டர் ஊற்றிய அந்த ஆளைப் பெட்டி வரைபடம் உடனே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அதற்கு நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை.

இனி ஏறுவரிசை: 3.5, 4.0, 4.5, 5.5, 6.0, 6.0, 6.5, 7.0, 7.5, 8.0, 8.5, 9.5, 10.5, 13.5.

எண்ணிக்கை 14, இரட்டைப்படை. நடுவில் ஒரே ஆள் கிடையாது. ஏழாவதும் எட்டாவதும் சேர்ந்துதான் நடு. 6.5, 7.0 இரண்டின் சராசரி 6.75. இதுதான் இடைநிலை அளவு. மூன்று வழியிலும் இது மாறாது, இதில் சண்டை இல்லை. ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. சூத்திரத்தில் (14+1)/2 போட்டால் 7.5 வரும். அது வரிசையில் இடம், லிட்டர் அல்ல. பட்டியலிலோ 7.5 என்று ஒரு லிட்டரும் இருக்கிறது. "7.5 வந்துச்சு சார், லிஸ்ட்லயும் இருக்கு" என்று ஒரு பையன் சந்தோஷமாகப் பேனாவை மூடிவைத்தான். அந்த 7.5 ஒன்பதாவது ஆள். அவருக்குக் கீழே எட்டுப் பேர், மேலே ஐந்து பேர். நடுவில் நிற்பவருக்கு இருபுறமும் தலை எண்ணிப் பார்த்தால் இது உடனே பிடிபடும். 6.75-க்குக் கீழே ஏழு பேர், மேலே ஏழு பேர்.

வழிகள் பிரிவது இதற்குப் பிறகுதான்.

முதல் வழி, பாதி பிரிப்பது. கீழே உள்ள ஏழு பேரைத் தனியாக எடுத்து அவர்களின் நடு ஆளைப் பார்ப்பது. மேலே உள்ள ஏழு பேருக்கும் அப்படியே. கீழ்ப் பாதி 3.5, 4.0, 4.5, 5.5, 6.0, 6.0, 6.5. நடு 5.5. மேல் பாதி 7.0, 7.5, 8.0, 8.5, 9.5, 10.5, 13.5. நடு 8.5. அவ்வளவுதான், பின்னமே இல்லை. பெட்டி வரைபடத்தைப் பிரபலமாக்கிய அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி காகிதத்தில் கையால் போட்ட வழியும் இரட்டைப்படை எண்ணிக்கையில் இதுதான்.

இந்த வழியில் பிள்ளைகள் செய்யும் தவறு இரண்டு. இரண்டுமே இரட்டைப்படைக்கென்றே வருபவை. இடைநிலை எடுக்க 6.5-ஐயும் 7.0-ஐயும் பயன்படுத்திவிட்டோமே என்று அந்த இரண்டையும் அடித்துவிட்டு, பாதிக்கு ஆறு பேராக மிச்சத்தைப் பிரிப்பது ஒன்று. அப்படிச் செய்தால் கால்மானங்கள் 5.0, 9.0 என்று ஆகிவிடும். 6.75-ஐப் பட்டியலில் எழுதிச் சேர்த்து, பாதிக்கு எட்டுப் பேர் ஆக்குவது மற்றொன்று. அதில் 5.75, 8.25 வரும். 6.75 லிட்டர் ஊற்றியவர் யாருமே இல்லை. அது நாம் போட்ட கோடு. கோட்டைச் சேர்க்கவும் வேண்டாம், கோட்டின் இருபுறம் நிற்பவர்களை நீக்கவும் வேண்டாம். நடு ஆளைச் சேர்ப்பதா விடுவதா என்கிற கேள்வி ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் வரும். அங்கே நடுவில் உண்மையிலேயே ஓர் ஆள் நிற்பதால், இரண்டு கட்சிகளும் இன்றுவரை இருக்கின்றன. இரட்டைப்படையில் அந்தத் தகராறுக்கே இடமில்லை.

இரண்டாவது வழி பாடப்புத்தக வழி. முதல் கால்மானத்தின் இடம் (N+1)/4, மூன்றாவதின் இடம் 3(N+1)/4. பதினொன்றாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பொருளியல் புள்ளியியல் புத்தகத்தில் உள்ளது இதுதான். இங்கே 15/4 = 3.75. அதாவது மூன்றாவது ஆளிலிருந்து நான்காவது ஆளை நோக்கி முக்கால் தூரம். மூன்றாவது 4.5, நான்காவது 5.5, இடைவெளி 1.0, ஆக 4.5 + 0.75 = 5.25. மேலே இடம் 11.25. பதினொன்றாவது 8.5, பன்னிரண்டாவது 9.5, கால் தூரம் சேர்த்தால் 8.75.

இதில் வருகிற சோம்பல், 3.75-ஐ 4 என்றும் 11.25-ஐ 11 என்றும் முழுமையாக்கிவிடுவது. இந்தப் பட்டியலில் அப்படிச் செய்தால் 5.5, 8.5 கிடைத்து முதல் வழியோடு பொருந்திவிடும். பிள்ளைகளும் சரி என்று நம்பிவிடுவார்கள். 16 பேர் இருந்தால் இந்தப் பொருத்தம் உடைந்துபோகும். அங்கே 4.25 என்பது 4 ஆகும், பாதி பிரித்தாலோ நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே நிற்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழி விரிதாள் தானாகத் தருவது. எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் சும்மா QUARTILE என்று அடித்தால் வருவது இது. இடம் (N+3)/4, அதாவது 17/4 = 4.25. 5.5-க்கும் 6.0-க்கும் இடையில் கால் தூரம், 5.625. மேலே இடம் 10.75, 8.0-க்கும் 8.5-க்கும் இடையில் முக்கால் தூரம், 8.375. எக்செல் 2010-இலிருந்து இதற்கு QUARTILE.INC என்று தனிப்பெயர் உண்டு. அதே பதிப்பில் வந்த QUARTILE.EXC நம் பாடப்புத்தக வழி. A பத்தியில் ஏறுவரிசையில் போட்டிருந்தால் மூன்றையும் ஒரே தாளில் பார்க்கலாம்:

```
=COUNT(A1:A14)
=SUM(A1:A14)
=MEDIAN(A1:A14)
=MEDIAN(A1:A7)
=QUARTILE.EXC(A1:A14,1)
=QUARTILE.INC(A1:A14,1)
```

14, 100.5, 6.75 முதல் மூன்று. பிறகு 5.5, 5.25, 5.625. COUNT-ஐ முதலில் போட்டதற்குக் காரணம் உண்டு. அது எண்களை மட்டுமே எண்ணும். 6.0 என்பதில் பூஜ்ஜியத்துக்குப் பதில் ஆங்கில ஓ விழுந்திருந்தால், கண்ணுக்கு 14 வரி தெரிந்தாலும் COUNT 13 என்று சொல்லும். படத்திலிருந்து உருவிய பட்டியலில் இது அடிக்கடி நடக்கும்.

மூன்று இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: பாடப்புத்தகம் (N+1)/4, விரிதாள் (N+3)/4. பாதி பிரிப்பது இரட்டைப்படை எண்ணிக்கையில் எப்போதும் (N+2)/4, இரண்டுக்கும் சரியாக நடுவில். 14-க்கு 3.75, 4, 4.25. மேல் பக்கம் இதுவே தலைகீழ்: 11.25, 11, 10.75. இதைப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானே புரியும். பாடப்புத்தக வழி இரு பக்கமும் வெளியே தள்ளுவதால் மூன்றிலும் அகலமான பெட்டி அதனுடையது. விரிதாள் வழி உள்ளே இழுப்பதால் அதன் பெட்டி குறுகல். பக்கத்துப் பக்கத்து ஆட்கள் ஒரே அளவு ஊற்றியிருந்தால் மூன்றும் ஒன்றாகவும் வரலாம், ஆனால் இந்த வரிசை தலைகீழாக மாறாது.

பெட்டியின் அகலம் கால் லிட்டர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று கேட்கலாம். பெட்டியோடு விஷயம் நின்றுவிட்டால் ஒன்றுமில்லைதான். ஆனால் தனியாக நிற்பவர் யார் என்று முடிவு செய்யும் வேலி, பெட்டியின் அகலத்தை ஒன்றரையால் பெருக்கித்தான் போடப்படுகிறது. மேல் கால்மானத்தோடு அந்த ஒன்றரை மடங்கைக் கூட்டினால் மேல் வேலி. பெட்டி விளிம்பு சற்று நகர்ந்தாலும் வேலி அதைவிடப் பல மடங்கு நகரும்.

பாதி பிரித்தால் பெட்டி அகலம் 3.0, வேலி 8.5 + 4.5 = 13.0. பதிமூன்றரை லிட்டர்க்காரர் வெளியே. வரைபடத்தில் பெட்டியிலிருந்து வேலிக்குள் நிற்கும் கடைசி ஆள் வரை நீளும் கோடான மேல் மீசை 10.5-இல் நின்றுவிடும், 13.5 தனிப் புள்ளி. விரிதாள் வழியில் அகலம் 2.75, வேலி 12.5. அவர் இன்னும் தெளிவாக வெளியே. பாடப்புத்தக வழியில் அகலம் 3.5, வேலி 8.75 + 5.25 = 14.0. அவர் உள்ளே! புள்ளி கிடையாது, மீசை 13.5 வரை நீளும். கீழ் வேலி மூன்று வழியிலும் 3.5-க்குக் கீழேயே விழுவதால் அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை.

ஒரே நோட்டு, ஒரே காலை, கணக்கில் பிழையே இல்லாமல் ஒருவர் தனியாகவும் நிற்கிறார், கூட்டத்திலும் நிற்கிறார். மேற்படிக் குறியை விட்டு 13 பேராகப் போட்டவனுக்கு இன்னொரு குழப்பம். நடு ஆளான 7.0-ஐ விட்டுப் பிரித்தால் கால்மானங்கள் 5.0, 9.0, வேலி 15.0, புள்ளி மறைந்துவிடும். 7.0-ஐ இரு பாதியிலும் சேர்த்தால் 5.5, 8.5 வந்து, வேலி மறுபடி 13.0, புள்ளி திரும்ப வந்துவிடும். பெட்டிக்குள் சாதுவாக இருந்த ஒரு 6.0 காணாமல் போனதற்கு இவ்வளவும். படத்திலிருந்து எடுக்கும்போது கூட்டலைச் சரிபாருங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

சரி, எதை எடுப்பது?

பரீட்சைக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், பாடப்புத்தக வழி. விடைத்தாளில் சூத்திரம், பதிலீடு, விடை என்று வரிவரியாக மதிப்பெண் பிரியும், அங்கே 5.5 என்று எழுதிவிட்டு டூக்கியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. பின்னத்தை முழுமையாக்காமல் 3.75-ஐ 3.75-ஆகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

கையால் வரைவதென்றால், அதுவும் இருபது முப்பது பேருக்குள் இரட்டைப்படை எண்ணிக்கை என்றால், நான் பாதி பிரிப்பதைத்தான் எடுப்பேன். கணக்கு எழுதுகிற அப்பாவிடம் "இந்த ஏழு பேர்ல நடு ஆளு இவரு" என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. 5.625 லிட்டரை எந்த வரியில் விரல் வைத்துக் காட்டுவது? இரட்டைப்படையில் மற்ற இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வழியும் இதுதான் என்பதால், யாராவது வேறு வழியில் போட்டுக்கொண்டு வந்தாலும் நம்முடையது எந்தப் பக்கமும் அதிகம் விலகியிருக்காது. இதன் குறை, எண்ணிக்கை ஒற்றைப்படையானால் நடு ஆளைச் சேர்ப்பதா விடுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். இன்றைக்கு 14 பேர், நாளைக்கு ஒருவர் வராமல் 13 பேர் என்கிற நோட்டுக்கு அதையும் முதல் நாளே தீர்மானித்து எழுதிவைக்க வேண்டியிருக்கும்.

தினமும் பட்டியல் வருகிறது, எல்லாமே விரிதாளில்தான் என்றால் QUARTILE.INC போதும். ஒற்றைப்படை, இரட்டைப்படை எதுவானாலும் அது கேள்வி கேட்காமல் ஓடும். ஆனால் எக்செலில் ஒரு கண்ணி இருக்கிறது. 2016-இலிருந்து வரும் அதன் பெட்டி வரைபடம் தானாகத் தேர்ந்திருப்பது இடைநிலையை விலக்கும் முறையை. அதனால் கட்டத்தில் QUARTILE கொடுத்த 5.625 பக்கத்திலேயே வரைந்த பெட்டியின் விளிம்போடு பொருந்தாது. பெட்டியின் மேல் வலது கிளிக் செய்து தொடர் அமைப்புக்குள் போனால் இரண்டு தேர்வுகளும் இருக்கும். அங்கே சேர்க்கும் முறைக்கு மாற்றிவிட வேண்டும். R என்கிற புள்ளியியல் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே கதைதான்: `quantile(x)` கொடுப்பது 5.625, `boxplot(x)` வரைவது 5.5-இல். மென்பொருள்கள் கால்மானம் எடுக்கும் வழிகளைப் புள்ளியியலாளர்கள் ஹைண்ட்மனும் ஃபேனும் 1996-இல் பட்டியல் போட்டபோது ஒன்பது வந்தன. நாம் மூன்றோடு தப்பித்தோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு என்ன பதில் சொல்லி அனுப்பினேன் என்றால், பாதி பிரித்து வரைந்த படத்தைக் கொடுத்து, 13.5-ஐத் தனிப் புள்ளியாகவே வைத்தேன். கூடவே, வழி மாறினால் அது உள்ளே போய்விடும் என்பதையும் எழுதினேன். வேலி 13.0, ஆள் 13.5, அரை லிட்டர் வித்தியாசத்தில் வெளியே நிற்பவரைச் சந்தேகப்பட வரைபடம் காரணமாகாது. அந்த ஒன்றரை மடங்கு என்பது எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று காட்டுகிற அளவு, குற்றச்சாட்டு அல்ல. பார்க்க வேண்டியவை வேறு: மெஷின் சீட்டிலும் 13.5 தானா, அந்த வீட்டில் எத்தனை மாடு கறக்கிறது, புதிதாகக் கன்று போட்ட மாடு இருக்கிறதா. 20 லிட்டர் என்று இருந்திருந்தால் மூன்று வேலிக்கும் வெளியே நின்றிருக்கும், வழியைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

இரண்டு காலைகளையோ இரண்டு சங்கங்களையோ பக்கத்தில் பக்கத்தில் வரைந்து ஒப்பிடுகிறவர்கள் மட்டும் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். ஒன்று கையால் பாதி பிரித்தது, மற்றது விரிதாளில் எடுத்தது என்றால், விரிதாள்காரரின் பெட்டி குறுகலாகத் தெரிவது அங்கே எல்லோரும் ஒரே அளவு ஊற்றுவதால் அல்லாமல் வழியாலேயே இருக்கலாம். வரைபடத்துக்குக் கீழே எத்தனை பேர், எந்த வழி என்று ஒரு வரி இருந்தால் போதும்: "14 பேர், பாதி பிரித்தது." சில நூறு பேர் கொண்ட பட்டியலில் கால்மானத்தின் அருகே அடுத்தடுத்த மதிப்புகள் நெருக்கமாக நிற்பதால் இந்தக் கால் இடத்து வித்தியாசம் பெரும்பாலும் கோட்டின் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிடும். அங்கே எந்த வழியில் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.